ஈதர் ஏறியது என்கிறார்கள், என் சார்ட்டில் இறங்குகிறது

புதுத்துடுப்பு · மார்ச் 4, இரவு 9:14

கிரிப்டோ பக்கம் வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. இன்னும் எதுவும் வாங்கவில்லை, முதலில் சார்ட் படிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். ஈதர் ஒரே மாதத்தில் 10 சதவீதம் ஏறிவிட்டது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் திறந்து வைத்திருக்கும் சார்ட்டில் அது இறங்கியிருக்கிறது, அதுவும் 12 சதவீதம். மேலே ETH என்றுதான் போட்டிருக்கிறது, இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். வலது ஓரத்தில் விலை 0.044 என்று காட்டுகிறது. எக்ஸ்சேஞ்ச் தப்பாகக் காட்டுகிறதா, இல்லை இதே பெயரில் வேறொரு காயின் இருக்கிறதா?

தராசுமுள் · மார்ச் 4, இரவு 9:51

தப்பும் இல்லை, வேறு காயினும் இல்லை. நீங்கள் பார்ப்பது ஈதரின் விலைதான், ஆனால் பிட்காயினில். இடது மேல் மூலையில் ETH-க்குப் பிறகு ஒரு சாய்கோடு போட்டு BTC என்று இருக்கும், பாருங்கள். 0.044 என்று நீங்கள் எழுதியதுமே தெரிந்துவிட்டது, ஈதரை நாலு சென்டுக்கு யாரும் விற்பதில்லை.

ஜோடியில் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது சரக்கு, பின்னால் இருப்பது காசு. ETH/BTC என்றால் ஒரு ஈதர் வாங்க எத்தனை பிட்காயின் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். ETH/USDT என்றால் எத்தனை USDT கொடுக்க வேண்டும். சரக்கு ஒன்றுதான், ஆனால் எதை வைத்து அளக்கிறோம் என்பது மாறியதும் கோட்டின் உருவமே மாறிவிடும்.

உங்கள் சதவீதங்களுக்குப் பொருந்துகிற மாதிரி முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன். மாதத் தொடக்கத்தில் ஈதர் 2,000 டாலர், பிட்காயின் 40,000 டாலர். மாதக் கடைசியில் ஈதர் 2,200, பிட்காயின் 50,000.

```
தொடக்கம்:  2000 ÷ 40000 = 0.050
கடைசி:     2200 ÷ 50000 = 0.044
```

டாலரில் ஈதர் 10 சதவீதம் ஏறியது உண்மை. 0.05 இருந்தது 0.044 ஆனதால் பிட்காயினில் 12 சதவீதம் இறங்கியதும் உண்மை. ஈதர் நடந்து போன நேரத்தில் பிட்காயின் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். எந்தச் சார்ட்டும் ஒன்றை இன்னொன்றால் வகுத்த விடை. மேலே இருப்பது நகர்ந்தாலும் விடை மாறும், கீழே இருப்பது நகர்ந்தாலும் மாறும். எது நகர்ந்தது என்று கோடு மட்டும் ஒருபோதும் சொல்லாது.

அலைவரிசை · மார்ச் 4, இரவு 10:20

புதிதாக வருகிறவருக்கு இவ்வளவு எதற்கு? USDT என்று முடிகிற ஜோடியை மட்டும் பாருங்கள், போதும். USDT என்பது டாலர். மற்ற ஜோடி எல்லாம் பெரிய ஆட்களுக்கு.

தராசுமுள் · மார்ச் 4, இரவு 10:43

முதல் பாதியை ஒத்துக்கொள்கிறேன். தொடங்குகிறவர் USDT ஜோடியையே பார்க்கட்டும், கண்ணுக்குப் பழகிய எண் வரும். ஆனால் USDT டாலர் இல்லை. டாலருக்குச் சமமாக நிற்கும் என்று ஒரு நிறுவனம் சொல்லி வெளியிடுகிற டோக்கன். பெரும்பாலான நாட்களில் நிற்கிறது, அதனால்தான் வித்தியாசம் யார் கண்ணுக்கும் படுவதில்லை. 2022 மே மாதம் டெர்ரா என்ற கிரிப்டோ திட்டம் சரிந்த வாரத்தில் சில எக்ஸ்சேஞ்சுகளில் USDT 0.95 டாலர் அருகே போய்விட்டுத் திரும்பியது. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது, இதே மாதிரி இன்னொரு டாலர் டோக்கனான USDC-யின் கையிருப்பில் 330 கோடி டாலர் அந்த வங்கியில் மாட்டிக்கொண்டது, அது 0.88-க்கும் கீழே வந்தது.

அந்த நேரத்தில் BTC/USDC சார்ட் பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பிட்காயின் திடீரென்று ஏறியது போலத் தெரிந்திருக்கும். பிட்காயினுக்கு ஒன்றும் ஆகவில்லை, கீழே இருந்த காசு தேய்ந்ததால் வகுத்த விடை பெரிதானது. அடிக்கடி நடப்பதில்லை. நடக்கிற நாளில்தான் எல்லோரும் பதற்றத்தோடு சார்ட்டைத் திறக்கிறார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

தராசுமுள் · மார்ச் 5, காலை 6:30

ராத்திரி எழுதிய பிறகு என் பழைய கணக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ஆரம்பத்தில் ஒரு சின்னக் காயினை BTC ஜோடியில் வாங்கி வைத்திருந்தேன். 0.0002-இல் வாங்கியது சில மாதத்தில் 0.00024 ஆனது. 20 சதவீத லாபம் என்று தினமும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே மாதங்களில் பிட்காயின் டாலரில் 40 சதவீதம் இறங்கியிருந்தது. விற்று வெளியே எடுத்தபோது நான் போட்ட 100 டாலருக்கு 72 டாலர் வந்தது. 1.2 பெருக்கல் 0.6, வேறொன்றும் இல்லை. சார்ட் கடைசி நாள் வரைக்கும் பச்சையாகவே இருந்தது.

பிட்காயினைச் சேர்ப்பதே குறிக்கோளாக இருப்பவருக்கு அது நிஜமான லாபம், கையில் 20 சதவீதம் அதிகப் பிட்காயின் இருக்கிறதே. எனக்கு அன்றைக்கு வேண்டியது டாலர். என்னவாக வெளியே எடுக்கப் போகிறோம் என்று தெரியாமல் ஜோடியைத் தேர்ந்தெடுத்தது என் தவறு.

புதுத்துடுப்பு · மார்ச் 5, காலை 8:02

பார்த்துவிட்டேன், ETH/BTC தான். ஒரு பட்டியலில் முதலில் இருந்ததைத் தொட்டிருக்கிறேன், BTC என்றால் பிட்காயின் நெட்வொர்க்கோ என்னவோ என்று விட்டுவிட்டேன். மிக்க நன்றி.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். ஈதர் வாங்க ஆயிரக்கணக்கில் டாலர் வேண்டும். SHIB ஒன்று 0.00001 டாலர்தான் காட்டுகிறது. சல்லிசாக இருப்பதில் தொடங்கினால், அது ஒரு டாலர் வரைக்கும் போக வேண்டாம், ஒரு சென்டுக்குப் போனாலே ஆயிரம் மடங்கு அல்லவா? இதில் என்ன தப்பு என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் ஏதோ தப்பு இருக்கிறது என்று தோன்றுகிறது.

எண்ணிக்கைக்காரி · மார்ச் 5, காலை 9:15

தோன்றியது சரிதான். விலை மட்டும் பார்த்தால் சல்லிசா இல்லையா என்று சொல்லவே முடியாது. எத்தனை காயின் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். SHIB தொடங்கும்போது 1,000 லட்சம் கோடி டோக்கன் உருவாக்கப்பட்டது. அதில் பாதியை, ஈதரின் நெட்வொர்க்கான எதீரியத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டெரினின் முகவரிக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் 2021 மே மாதம் சுமார் 410 லட்சம் கோடியை யாராலும் எடுக்க முடியாத முகவரிக்கு அனுப்பி அழித்தார். மிச்சம் சுமார் 589 லட்சம் கோடி.

நீங்கள் சொன்ன 0.00001 விலையில் அத்தனை டோக்கனுக்கும் சேர்த்து மதிப்பு 589 கோடி டாலர். இதுதான் மார்க்கெட் கேப். ஒரு சென்டுக்குப் போனால் 5.89 லட்சம் கோடி டாலர். ஒரு டாலர் என்றால் 589 லட்சம் கோடி டாலர். உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் உற்பத்தி செய்வதன் மதிப்பே 100 லட்சம் கோடி டாலருக்கு மேல்தான், இது அதைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதனால் எத்தனை பூஜ்யம் இருக்கிறது என்று விலையைப் பார்க்காதீர்கள். இன்றைய மார்க்கெட் கேப் எவ்வளவு, நான் எதிர்பார்க்கும் விலையில் அது எவ்வளவு ஆகும் என்று ஒரே ஒரு பெருக்கல் போடுங்கள்.

தராசுமுள் · மார்ச் 5, காலை 9:40

சரியாகச் சொன்னார். விலையை மொத்தக் காயின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும்.

தராசுமுள் · மார்ச் 5, காலை 9:58

மேலே எழுதியதைத் திருத்துகிறேன். மொத்த எண்ணிக்கை இல்லை, புழக்கத்தில் இருக்கும் எண்ணிக்கை. SHIB-இல் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் கவனக்குறைவாக எழுதிவிட்டேன். புதுக் காயின் பலவற்றில் புழக்கத்தில் 10 சதவீதம்தான் இருக்கும், மிச்சம் தொடங்கியவர்களிடமும் முதலீட்டாளர்களிடமும் பூட்டி வைத்திருப்பார்கள், மாதாமாதம் அவிழ்ந்து சந்தைக்கு வரும். அந்தக் காயினுக்கு மார்க்கெட் கேப் 10 கோடி என்று காட்டும், பக்கத்திலேயே, பூட்டியதையும் சேர்த்துக் கணக்கிடும் FDV என்ற இடத்தில் 100 கோடி என்று இருக்கும். மீதி 90 சதவீதமும் இதே விலையில் விற்றுப்போனால்தான் அந்த 100 கோடிக்கு அர்த்தம். இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் கட்டாயம் பாருங்கள்.

ஏழாம்படி · மார்ச் 5, மதியம் 1:26

எண்ணிக்கையைப் பார்க்காமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். 2022-இல் டெர்ராவின் காயினான லூனா விழுந்ததும் சார்ட்டைத் திறந்தேன். மே மாதத் தொடக்கத்தில் 80 டாலர் வாக்கில் இருந்தது இப்போது சென்டில் ஒரு துணுக்கு. பழைய விலையில் நூறில் ஒரு பங்குக்குத் திரும்பினாலே வாழ்க்கை மாறிவிடும் என்று வாங்கினேன். சார்ட்டில் அந்த உயரம் கண்ணெதிரே நிற்கிறது, ஒரு தடவை அங்கே இருந்த காயின்தானே என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

சார்ட்டில் எங்கேயும் இல்லாத விஷயம் என்னவென்றால், அந்தச் சில நாட்களில் காயினின் எண்ணிக்கை சுமார் 35 கோடியிலிருந்து 6.5 லட்சம் கோடி ஆகிவிட்டது. டெர்ராவின் டாலர் டோக்கனான UST-யைக் காப்பாற்ற அச்சடித்துக்கொண்டே போனார்கள். நான் கனவு கண்ட நூறில் ஒரு பங்கு, அதாவது 80 சென்டு, என்றால் 5 லட்சம் கோடி டாலருக்கு மேல். விலைக் கோடு மட்டும் விட்டுப்போகாமல் தொடர்ந்து வருகிறது, ஆனால் அந்த 80 டாலர் காயினும் நான் வாங்கியதும் ஒரே துண்டு இல்லை. ஒரு ரொட்டியை 4 பேருக்கு வெட்டியதும் 70,000 பேருக்கு வெட்டியதும் மாதிரி.

அலைவரிசை · மார்ச் 5, மாலை 4:11

வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் நான் மார்க்கெட் கேப் பெரிதாக இருக்கிற காயினை மட்டும் தொடுகிறேன். 10 கோடி டாலர் மார்க்கெட் கேப் என்றால் 10 கோடி டாலர் உள்ளே வந்திருக்கிறது, அவ்வளவு பேர் நம்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எண்ணிக்கைக்காரி · மார்ச் 5, மாலை 5:03

அப்படி அர்த்தமே இல்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள்.

ஒருவர் 100 கோடி டோக்கன் உருவாக்குகிறார், அத்தனையும் புழக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பரவலாக்கப்பட்ட எக்ஸ்சேஞ்சில் ஒரு பூல் திறந்து, அதில் ஒரு லட்சம் டோக்கனும் 10,000 USDT-யும் மட்டும் போடுகிறார். அந்த விகிதத்தில் டோக்கன் விலை 0.10. இதை 100 கோடியால் பெருக்கினால் மார்க்கெட் கேப் 10 கோடி டாலர் என்று திரையில் வந்துவிடும். உள்ளே இருக்கும் நிஜப் பணம் 10,000.

இப்போது ஒருவர் ஒரு லட்சம் டோக்கன் விற்கிறார். மொத்த எண்ணிக்கையில் அது 0.01 சதவீதம்தான். இரண்டு பக்கத்தையும் பெருக்கினால் வரும் எண் மாறக்கூடாது என்பதுதான் இந்த மாதிரி பூலின் விதி. கட்டணத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால்:

```
முன்:   100000 × 10000 = 1000000000   விலை 0.10
பின்:   200000 ×  5000 = 1000000000   விலை 0.025
```

விற்றவர் 10,000 டாலர் எதிர்பார்த்தார், கையில் வந்தது 5,000. விலை நாலில் ஒரு பங்கானது. மார்க்கெட் கேப் 10 கோடியிலிருந்து 2.5 கோடி. திரையில் 7.5 கோடி டாலர் காணாமல் போயிற்று, பூலிலிருந்து வெளியே போனதோ 5,000. அந்த 7.5 கோடி எங்கே போனது என்று கேட்டால், அது எப்போதும் இருந்ததே இல்லை. கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலையை, வியாபாரமே ஆகாத எல்லா டோக்கனுக்கும் ஒட்டிப் பார்க்கிற எண் அது.

அதனால் மார்க்கெட் கேப்பைப் பார்த்த கையோடு லிக்விடிட்டி எவ்வளவு என்றும் பாருங்கள். ஆர்டர் புக் இருக்கிற எக்ஸ்சேஞ்ச் என்றால், இப்போதைய விலைக்கு 2 சதவீதம் கீழே வரைக்கும் எவ்வளவுக்கு வாங்க ஆள் நிற்கிறார்கள் என்று கூட்டிப் பாருங்கள். 10 கோடி மார்க்கெட் கேப், 2 சதவீதத்துக்குள் 3,000 டாலர் ஆர்டர் என்றால் அந்தப் பத்துக் கோடி உங்களுக்கு உதவாது.

நள்ளிரவுப்பேருந்து · மார்ச் 5, இரவு 11:37

மார்க்கெட் கேப் எண்ணை எந்த எக்ஸ்சேஞ்சின் விலையை வைத்துப் போடுகிறார்கள் என்பதும் இருக்கிறது. 2018 ஜனவரி 8-ஆம் தேதி காயின்மார்க்கெட்கேப் தளம் தன் சராசரியிலிருந்து கொரிய எக்ஸ்சேஞ்சுகளை எடுத்துவிட்டது, அங்கே விலை மற்ற இடங்களைவிட மிக அதிகமாக இருந்தது. முன்னறிவிப்பு இல்லை. XRP விலையும் மார்க்கெட் கேப்பும் திரையில் சடாரென்று இறங்கின, பார்த்தவர்கள் சரிவு என்று பயந்தார்கள். நான் அப்போது விற்கவில்லை, ஆனால் அன்று இரவு தூங்கவும் இல்லை.

எண்ணிக்கைக்காரி · மார்ச் 6, காலை 7:20

நல்ல ஞாபகம். இன்னொரு கேள்வி எனக்கே தீரவில்லை. பிட்காயினின் புழக்க எண்ணிக்கையில் சாவி தொலைந்து போனதால் இனி நகரவே முடியாதவையும் சேர்ந்திருக்கின்றன, அதை உருவாக்கிய சதோஷி எடுத்ததாகக் கணிக்கப்படும் சுமார் 10 லட்சமும் சேர்ந்திருக்கிறது. அதையெல்லாம் கழித்துவிட்டு மார்க்கெட் கேப் போட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எது தொலைந்தது, எது சும்மா கிடக்கிறது என்று வெளியிலிருந்து எப்படிப் பிரிப்பது? ஆகவே நான் வழக்கமான எண்ணையே வைத்துக்கொள்கிறேன், முழு மனதோடு இல்லை.

தராசுமுள் · மார்ச் 6, காலை 7:48

கழிக்கக்கூடாது என்பது என் கட்சி. பத்து வருடம் அசையாமல் இருந்த முகவரிகள் திடீரென்று அசைந்திருக்கின்றன.

மண்பானை · மார்ச் 6, காலை 10:05

நானும் ஒரு சார்ட் சந்தேகம் கேட்கலாமா? 1h என்று தேர்ந்தெடுத்து வாங்கினேன். ஒரு மணி நேரம் ஆனதும் தானாகவே விற்றுக் கணக்கை முடித்துவிடும் என்று நினைத்தேன், முடிக்கவில்லை. காத்திருந்து நானே விற்றேன், நஷ்டம். ஈதர் ஜோடியில்தான் இதுவும் நடந்தது.

தராசுமுள் · மார்ச் 6, காலை 10:31

இல்லைங்க, அந்த 1h-க்கும் நீங்கள் வாங்கிய ஆர்டருக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு கேண்டில் எவ்வளவு நேரத்து வியாபாரத்தை ஒரே உருவமாகச் சுருக்கிக் காட்ட வேண்டும் என்பது மட்டும்தான் அது. அதை மாற்றினால் படம் மாறும், உங்கள் காயினுக்கு ஒன்றும் ஆகாது. எப்போது விற்பது என்பதை லிமிட் ஆர்டரிலோ ஸ்டாப் ஆர்டரிலோ தனியாகப் போட வேண்டும்.

புதுத்துடுப்பு · மார்ச் 6, மதியம் 12:40

மண்பானை கேட்டதால் நானும் தைரியமாகக் கேட்கிறேன். ஒரு கேண்டிலில் நான்கு விலை இருக்கிறது, தொடங்கியது, உச்சம், அடி, முடிந்தது, அது புரிகிறது. நேற்று ETH/USDT-இல் 1h கேண்டில் ஒன்று நல்ல நீளமான பச்சையாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அதே இடத்தில் குச்சி மாதிரி ஒரு சின்னப் பச்சை. நடந்ததை எப்படி மாற்றினார்கள்?

தராசுமுள் · மார்ச் 6, மதியம் 1:55

யாரும் மாற்றவில்லை, நீங்கள் பார்த்தபோது அது முடியாத கேண்டில். வலது ஓரத்தில் கடைசியாக நிற்கும் கேண்டில் எப்போதுமே பாதி வெந்ததுதான். 1h கேண்டில் 10 மணிக்குத் தொடங்கினால் 11 மணி வரை அதன் உடம்பும் குச்சியும் மாறிக்கொண்டே இருக்கும். விலையைச் சின்ன எண்ணாக வைத்து நான்கு 15 நிமிடக் கேண்டிலை எழுதுகிறேன், வரிசை தொடக்கம், உச்சம், அடி, முடிவு.

```
10:00   100  104   99  103
10:15   103  109  102  108
10:30   108  108   96   97
10:45    97  101   97  101
1h      100  109   96  101
```

நீங்கள் 10:30-க்குப் பார்த்திருக்கிறீர்கள். அப்போது 1h கேண்டில் 100-இல் தொடங்கி 108-இல் நிற்கிறது, கொழுத்த பச்சை. அடுத்த கால் மணியில் 96 வரை விழுந்தது. 11 மணிக்கு முடியும்போது 100-லிருந்து 101, சின்ன உடம்பு, மேலே 109 வரை ஒரு குச்சி, கீழே 96 வரை ஒரு குச்சி. 1h சார்ட்டை மட்டும் பிறகு திறக்கிறவருக்கு அமைதியான ஒரு மணி நேரம் போலத் தெரியும், உள்ளே இருந்தவர் 108-இல் வாங்கி 96 வரை பார்த்திருப்பார்.

இன்னொன்று கவனியுங்கள். அந்த ஒற்றை 1h கேண்டிலைப் பார்த்து உச்சம் முதலில் வந்ததா, அடி முதலில் வந்ததா என்று சொல்லவே முடியாது. 100-லிருந்து முதலில் 96-க்கு விழுந்து, பிறகு 109 ஏறி, 101-இல் முடிந்திருந்தாலும் அச்சு அசலாக இதே உருவம்தான். 98-இல் ஸ்டாப் லாஸ் போட்டு 107-இல் விற்க ஆர்டர் வைத்திருந்தவருக்கு எது முதலில் என்பதுதான் லாபமும் நஷ்டமும். தெரிய வேண்டுமானால் சின்ன இன்டர்வலுக்கு இறங்கிப் பார்க்க வேண்டும்.

நள்ளிரவுப்பேருந்து · மார்ச் 6, இரவு 11:50

குச்சி என்றதும் 2017 ஜூன் 21. காயின்பேஸின் GDAX எக்ஸ்சேஞ்சில் ETH/USD, விலை 317 டாலர் சுற்றி. யாரோ பல மில்லியன் டாலருக்கு ஒரே மார்க்கெட் ஆர்டரில் விற்றார்கள். வாங்க நின்ற ஆர்டர் எல்லாம் தீர்ந்து விலை 224-க்கு வந்தது. அங்கே சுமார் 800 ஸ்டாப் லாஸ் ஆர்டரும், கடனில் வாங்கியவர்களின் காயினை எக்ஸ்சேஞ்ச் கட்டாயமாக விற்கும் மார்ஜின் கலைப்பும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி, ஒரு கணம் 10 சென்டுக்கு வியாபாரம் நடந்தது. பிறகு உடனே மேலே வந்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நிறுவனம் தன் பணத்தில் ஈடு கொடுத்தது.

தினசரிக் கேண்டிலில் பார்த்தால் இது மயிரிழை மாதிரி ஒரு குச்சி, கீழே தரை வரைக்கும் தொங்கும். அதே நாள் வேறு எக்ஸ்சேஞ்சின் ETH/USD-இல் அந்தக் குச்சி இல்லவே இல்லை. மூலையில் ஜோடிக்குப் பக்கத்தில் எக்ஸ்சேஞ்ச் பெயரும் இருக்கும், அதையும் படியுங்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

அலைவரிசை · மார்ச் 7, காலை 8:25

மார்க்கெட் கேப் பற்றி நான் சொன்னது தவறு, பூல் கணக்கை நானே தாளில் போட்டுப் பார்த்தேன், 5,000 தான் வருகிறது. என்னிடம் இருக்கும் ஒரு டோக்கனுக்கும் போட்டேன். முழுவதையும் விற்றால் திரையில் காட்டுவதில் பாதிகூட வராது. இன்றைக்கே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கப் போகிறேன்.

சரி, ஆப்பில் +6 சதவீதம் பச்சையாகக் காட்டுகிறது, தினசரிக் கேண்டில் சிவப்பாக இருக்கிறது. இதில் எது உண்மை?

எண்ணிக்கைக்காரி · மார்ச் 7, காலை 9:02

இரண்டும். ஆப் காட்டுவது சரியாக 24 மணி நேரத்துக்கு முந்தைய விலையோடு ஒப்பீடு, தினசரிக் கேண்டில் பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகளில் UTC நள்ளிரவு 00:00-க்குத் தொடங்குவது. நேற்று இந்நேரம் 97, நள்ளிரவில் 105, இப்போது 103 என்று வையுங்கள். 97-லிருந்து 103 ஏறக்குறைய 6 சதவீதம் ஏற்றம். 105-லிருந்து 103 இறக்கம், ஆகவே கேண்டில் சிவப்பு. UTC 00:00 உங்கள் கடிகாரத்தில் எத்தனை மணி என்று தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் சார்ட்டில் நாள் பிறப்பது அப்போதுதான்.

பட்டனையும் பாருங்கள். எளிய ஆப்களில் 1D என்பது கடைசி ஒரு நாளைக் காட்டு என்பது, ஒரு கேண்டில் ஒரு நாள் என்பது இல்லை. டிரேடிங்வியூவில் கீழே இருக்கும் 1D முதல் அர்த்தம், மேலே இருக்கும் 1D இரண்டாவது அர்த்தம். பைனான்ஸில் நிரல் எழுதி விலை எடுத்தால் `1m` நிமிடம், `1M` மாதம். நான் ஒரு தடவை பெரிய எழுத்தைப் போட்டுவிட்டு, ஏன் இவ்வளவு குறைவாக வரிகள் வருகின்றன என்று ஒரு மாலை முழுவதும் தேடியிருக்கிறேன்.

ஏழாம்படி · மார்ச் 7, மதியம் 2:14

தொடங்குகிறவர் எந்த இன்டர்வல் பார்க்கலாம் என்று யாராவது சொல்லுங்கள். நான் தினசரிதான் என்பேன். 1 நிமிடத்தில் உட்கார்ந்த நாட்களில் நான் செய்த எல்லாமே அவசரம்.

நள்ளிரவுப்பேருந்து · மார்ச் 7, இரவு 11:08

எனக்கு 4h. தினசரிக் கேண்டில் முடியும் வரைக்கும் காத்திருந்தால் சில நேரம் எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

தராசுமுள் · மார்ச் 8, காலை 6:12

நாள் கணக்கில் வைத்திருப்பவர் 1 நிமிடக் கேண்டிலில் பயப்படுவதும், அரை மணியில் வெளியேறுகிறவர் வாரக் கேண்டிலைப் பார்த்து நுழைவதும் தவறு, அதுவரைக்கும் சொல்வேன். 4h-ஆ தினசரியா என்பதில் ஏழாம்படி பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் நான் இரவில் சார்ட் பார்ப்பதில்லை, அவர் பார்க்கிறார்.

புதுத்துடுப்பு · மார்ச் 8, இரவு 8:33

நேற்றும் இன்றும் நான் முன்பு எடுத்து வைத்திருந்த 11 ஸ்கிரீன்ஷாட்டையும் மறுபடி திறந்து ஒவ்வொன்றின் மூலையையும் படித்தேன். நான்கு BTC ஜோடி. இரண்டு, ஒரே காயின் வேறு வேறு எக்ஸ்சேஞ்ச். மூன்றில் கடைசிக் கேண்டில் முடியாமல் இருக்கும்போது எடுத்திருக்கிறேன், எல்லாம் நீளமான பச்சை, அதனால்தான் எடுத்திருக்கிறேன் போல. மிச்சம் இரண்டில் மூலையே வெட்டுப்பட்டிருக்கிறது, அவை என்ன சார்ட் என்று இப்போது எனக்கே தெரியவில்லை, அழித்துவிட்டேன்.

அப்புறம் ஒன்று. ETH/BTC சார்ட்டை 1 வாரம் என்று மாற்றினேன், இறக்கம் இந்த மாதத்தில் தொடங்கியதே இல்லை, நீளமாக வருகிறது. ஈதரை டாலரில் வாங்கலாம் என்று இருந்தவன் இப்போது பிட்காயினையே வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். இது சார்ட் சரியாகப் படித்ததா, இல்லை ஏற்கனவே ஓடிவிட்ட குதிரையின் பின்னால் ஓடுவதா?

தராசுமுள் · மார்ச் 8, இரவு 9:20

அந்தச் சார்ட் இதுவரை எது வேகமாகப் போனது என்பதை மட்டும்தான் சொல்கிறது. நாளைக்கு எது என்று எனக்கும் அதில் தெரியவில்லை.